'என்க' என்று சொல்லத் தெரிந்த சூத்திரம்: விரிதாளில் LET சார்பு

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'ஒரு பேனாவின் விலை x ரூபாய் என்க' என்று தொடங்கும் வரியை நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அந்த 'என்க' என்ற ஒரு சொல் செய்யும் வேலையைத்தான் எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள் மென்பொருள்களில் LET என்ற சார்பு செய்கிறது. ஒரு மதிப்புக்கு முதலில் பெயர் வைத்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பெயரைக் கொண்டே கணக்கை நடத்திச் செல்ல அது வழி தருகிறது.

இவ்வளவு எளிய கருத்தாக இருந்தும் LET பற்றிப் பேசப்படுவதில் பாதி தவறாக இருக்கிறது. சிலர் அதைச் சூத்திரத்தைச் சுருக்கும் உத்தி என்கிறார்கள். சிலர் அது நிரல்மொழிகளில் வரும் மாறி போன்றது, அதன் மதிப்பை நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புகிறார்கள். தாளின் ஒரு கட்டத்தில் LET மூலம் வைத்த பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் பயன்படுத்தப் பார்த்து, பிழை வந்ததும் சார்பின் மீதே குறை சொல்பவர்களும் உண்டு. இந்த மூன்றும் எங்கே தவறுகின்றன என்பதை ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதன் இறுதி வரை சென்று பார்ப்போம். மாதச் சம்பளம் வாங்கும் பலருக்கும் பழக்கமான வருமான வரிக் கணக்குதான் அது.

## கிரயப் பத்திரத்தில் பெயர் வைப்பது போல

ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் விற்பவரின் பெயர், தந்தை பெயர், வயது, கதவு எண், தெரு, ஊர், அடையாள அட்டை எண் என அனைத்தும் ஒருமுறை முழுமையாக எழுதப்பட்டு, 'இதில் இனி கிரயம் கொடுப்பவர் என்று குறிப்பிடப்படுபவர்' என்று முடிக்கப்படும். அதற்குப் பிறகு பத்துப் பக்கங்களுக்குப் பத்திரம் நீண்டாலும் கதவு எண்ணும் தந்தை பெயரும் மறுபடி வருவதில்லை. 'கிரயம் கொடுப்பவர்' என்ற இரண்டு சொற்களே போதுமானவையாகிவிடுகின்றன.

இந்த வழக்கத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. பெயர் ஒரே ஒருமுறைதான் வைக்கப்படுகிறது. நான்காம் பக்கத்தில் கிரயம் கொடுப்பவர் வேறொருவராக மாறிவிடுவதில்லை. அந்தப் பெயர் அந்தப் பத்திரத்துக்குள் மட்டுமே செல்லும். அடுத்த மேசையில் பதிவாகும் பத்திரத்தில் 'கிரயம் கொடுப்பவர்' என்பவர் முற்றிலும் வேறு ஆள்.

LET சார்பும் இதே மூன்று ஒழுங்குகளுக்குக் கட்டுப்பட்டது. பெயர் ஒருமுறை வைக்கப்படும், அதன் பொருள் நடுவில் மாறாது, சூத்திரத்தின் அடைப்புக்குறி மூடியதும் பெயரும் மறைந்துவிடும். இவை மூன்றும் மனதில் பதிந்துவிட்டால் மேலே சொன்ன குழப்பங்களில் இரண்டு இங்கேயே தீர்ந்துவிடும்.

## LET எப்படி எழுதப்படுகிறது

சார்பு என்பது சில உள்ளீடுகளை வாங்கிக்கொண்டு ஒரு விடையைத் திருப்பித் தரும் ஆயத்தக் கணக்கு. SUM, MAX, IF எல்லாம் சார்புகளே. LET சார்பின் உள்ளீடுகள் இணை இணையாக வருகின்றன: முதலில் ஒரு பெயர், அடுத்து அந்தப் பெயருக்கு உரிய மதிப்பு. இப்படி எத்தனை இணைகள் வேண்டுமோ அத்தனை எழுதிவிட்டு, கடைசியாக, தனியாக, விடையைத் தரும் கணக்கு ஒன்றை எழுத வேண்டும்.

```
=LET(x, 5, y, x*2, x+y)
```

இதைத் தமிழில் படித்தால், 'x என்பது 5 என்க. Y என்பது x-இன் இரு மடங்கு என்க. X-உம் y-உம் சேர்ந்தால் எவ்வளவு?' என்றாகும். விடை 15. இரண்டாவது பெயரான y-ஐ வரையறுக்கும்போதே முதல் பெயரான x-ஐப் பயன்படுத்தியிருப்பதைக் கவனியுங்கள். முன்னால் வைத்த பெயரைப் பின்னால் வருவது பயன்படுத்தலாம். பின்னால் வரப்போகும் பெயரை முன்னாலேயே பயன்படுத்த இயலாது. கட்டடத்தின் முதல் தளம் முடிந்த பிறகே இரண்டாம் தளத்துக்குக் கம்பி கட்ட முடியும் என்பது போன்ற ஒழுங்கு இது.

இணைகளில் வரும் உள்ளீடுகள் எப்போதும் இரட்டைப்படை, கடைசிக் கணக்கு ஒன்று. ஆகவே LET-இன் உள்ளீடுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். மேலே உள்ளதில் ஐந்து. எழுதி முடித்த சூத்திரத்தை எக்செல் ஏற்க மறுத்தால், நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான். பெரும்பாலும் கடைசிக் கணக்கை எழுத மறந்திருப்போம், அல்லது ஒரு பெயருக்குப் பின் காற்புள்ளி விடுபட்டிருக்கும்.

இப்படிப் பெயர் பெறும் x, y போன்ற மதிப்புகளை இந்தக் கட்டுரையில் இடைவிடைகள் என்று அழைப்போம். இறுதி விடையை அடையும் வழியில் நாம் நின்று இளைப்பாறும் இடங்கள் அவை.

## நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கு

இந்தியாவில் 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையின்படி, சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத, இந்தியாவிலேயே வசிக்கும் ஒருவர் கட்ட வேண்டிய வரியைக் கணக்கிடுவோம். ஆண்டுச் சம்பளம் 50 லட்சத்துக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் சர்சார்ஜ் சேரும், அது நமக்கு இங்கே தேவையில்லை.

கணக்கின் படிகள் இவை. ஆண்டுச் சம்பளத்திலிருந்து நிலையான கழிவாக ரூ. 75,000 கழிக்கப்படும். மீதித் தொகையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை உள்ள பகுதிக்கு 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. இந்த அடுக்குகளைத்தான் ஸ்லாப் என்கிறோம்.

ஒவ்வொரு ஸ்லாபிலும் விகிதம் சரியாக 5% கூடுவதால் கணக்கை எளிதாக்க ஒரு வழி இருக்கிறது. 4 லட்சத்துக்கு மேல் உள்ள முழுத் தொகைக்கும் 5%, 8 லட்சத்துக்கு மேல் உள்ள முழுத் தொகைக்கும் இன்னொரு 5%, 12 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு மேலும் ஒரு 5% என்று கூட்டிக்கொண்டே போனால் ஸ்லாப் வரி சரியாக வந்துவிடும்.

அடுத்து வருவதுதான் பலரையும் தடுமாற வைக்கும் இடம். வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், வரும் வரி முழுவதும் தள்ளுபடி. அப்படியானால் 12 லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருப்பவர் அறுபதாயிரத்துக்கும் மேல் வரி கட்ட வேண்டுமா? அந்த அநீதியைத் தடுக்க மார்ஜினல் ரிலீஃப் என்ற ஏற்பாடு இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்தாரோ, வரி அந்தக் கூடுதலை மிஞ்சக் கூடாது என்பதே அதன் சாரம். ஸ்லாப் வரி, 12 லட்சத்தை மிஞ்சிய தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே வரி. இறுதியாக அதன் மீது 4% செஸ் சேரும். மொத்தம் பத்து ரூபாய்க்கு முழுமையாக்கப்படும்.

## பெயரில்லாத சூத்திரம்

சம்பளம் B2 கட்டத்தில் இருக்கிறது. LET இல்லாமல் இதை ஒரே சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

```
=ROUND(IF(B2-75000<=1200000,0,MIN(5%*(MAX(0,B2-75000-400000)
+MAX(0,B2-75000-800000)+MAX(0,B2-75000-1200000)
+MAX(0,B2-75000-1600000)+MAX(0,B2-75000-2000000)
+MAX(0,B2-75000-2400000)),B2-75000-1200000))*104%,-1)
```

இது சரியான விடையையே தருகிறது. ஆனால் இதைப் படிக்கும் ஒருவருக்கு எது கழிவு, எது ஸ்லாப், எங்கே ரிலீஃப் என்பது தெரியாது. B2-75000 என்ற ஒரே துண்டு எட்டு முறை வருகிறது. புதிய வரிமுறையில் நிலையான கழிவு 2023-24இல் ரூ. 50,000 ஆக இருந்தது. 2024-25 முதல் அது ரூ. 75,000 ஆனது. இதுபோன்ற மாற்றம் வரும்போது ஒருவர் எட்டு இடங்களில் ஏழு இடங்களை மட்டும் திருத்திவிட்டு, கடைசியில் உள்ள ஒன்றை 50000 என்றே விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

சம்பளம் 15 லட்சம் உள்ள ஊழியருக்குச் சூத்திரம் ரூ. 97,500 என்று சரியாகவே காட்டும். ஏனென்றால் அவருக்கு MIN தேர்ந்தெடுப்பது ஸ்லாப் வரியை. பிழை உள்ள துண்டை அவருடைய கணக்கு பயன்படுத்துவதே இல்லை. சம்பளம் 10 லட்சம் உள்ளவருக்கும் சரியாக 0 வரும். ஆனால் 13 லட்சம் சம்பளம் உள்ளவருக்கு ரூ. 26,000 வர வேண்டிய இடத்தில் ரூ. 52,000 வரும். ஏறத்தாழ 12.75 லட்சத்திலிருந்து 13.45 லட்சம் வரை உள்ள குறுகிய பகுதியில் மட்டும் இந்தப் பிழை ஒளிந்திருக்கும். ஐம்பது பேர் கொண்ட பட்டியலில் அந்தப் பகுதியில் ஒருவர் மட்டும் இருந்தால், அவர் கேள்வி கேட்கும் வரை யாருக்கும் தெரியாது.

இதைவிட நுட்பமான இன்னொரு சிக்கலும் அந்தச் சூத்திரத்தில் இருக்கிறது. 1200000 என்ற எண் அதில் மூன்று முறை வருகிறது. முதலாவதும் மூன்றாவதும் தள்ளுபடியின் உச்ச வரம்பு. நடுவில் உள்ளது 12 லட்சத்தில் தொடங்கும் ஸ்லாபின் எல்லை. இரண்டும் இந்த ஆண்டில் ஒரே எண்ணாக இருப்பது சட்டத்தில் அப்படி அமைந்ததால் வந்தது. பொருளால் அவை இரண்டு வேறு எண்கள். நாளை தள்ளுபடி வரம்பு மட்டும் உயர்ந்தால், தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தி மூன்றையும் மாற்றுபவர் ஸ்லாபையும் சேர்த்துக் கெடுத்துவிடுவார். எண்ணைப் பார்த்து அதன் பொருளைச் சொல்ல முடியாது என்பதே பெயரில்லாத சூத்திரத்தின் உண்மையான குறை. அதன் நீளம் இரண்டாம் பட்சம்தான்.

## பெயர் வைத்த பிறகு

அதே கணக்கு, LET கொண்டு:

```
=LET(
  salary, B2,
  stdDed, 75000,
  rebateLimit, 1200000,
  taxable, MAX(0, salary-stdDed),
  slabTax, 5%*(MAX(0,taxable-400000)
    +MAX(0,taxable-800000)
    +MAX(0,taxable-1200000)
    +MAX(0,taxable-1600000)
    +MAX(0,taxable-2000000)
    +MAX(0,taxable-2400000)),
  excess, taxable-rebateLimit,
  basicTax, IF(excess<=0, 0, MIN(slabTax, excess)),
  cess, basicTax*4%,
  ROUND(basicTax+cess, -1)
)
```

எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் இது முன்னதைவிடக் குறுகியதாக இல்லை. LET சுருக்கும் உத்தி என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. சில சூத்திரங்கள் LET-ஆல் குறுகும், சில நீளும். வாசிப்பு எளிதாவதே நாம் பெறும் பயன். மேலிருந்து கீழாக, ஒரு கணக்காளர் தாளில் எழுதும் வரிசையிலேயே இதைப் படிக்கலாம்.

எக்செலில் சூத்திரத்துக்குள் புதிய வரிக்குப் போக Alt+Enter அழுத்த வேண்டும். சூத்திரப் பட்டையின் உயரம் போதாவிட்டால் Ctrl+Shift+U அதை விரித்துக் காட்டும். வரிகளும் இடைவெளிகளும் விடையைப் பாதிப்பதில்லை, ஆகவே தாராளமாகப் பிரித்து எழுதலாம்.

13 லட்சம் சம்பளத்தை வைத்து ஒவ்வொரு பெயரும் என்ன மதிப்பைப் பெறுகிறது என்று நடந்து பார்ப்போம். taxable என்பது 13,00,000-இலிருந்து 75,000 போக 12,25,000. அடுத்து slabTax: 4 லட்சத்துக்கு மேல் 8,25,000, 8 லட்சத்துக்கு மேல் 4,25,000, 12 லட்சத்துக்கு மேல் 25,000, மற்றவை 0, கூட்டினால் 12,75,000, அதில் 5% என்பது 63,750. excess 25,000. basicTax இந்த இரண்டில் குறைவானது, அதாவது 25,000. cess 1,000. மொத்தம் ரூ. 26,000.

75000 இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. தள்ளுபடி வரம்பு rebateLimit என்ற பெயரோடு மேலே தனியாக நிற்கிறது. ஸ்லாப் எல்லையான 1200000 தன் சகோதர எல்லைகளோடு slabTax-க்குள் நிற்கிறது. ஒரே எண், இரண்டு பொருள், இரண்டு இடம். அடுத்த ஆண்டு எதைத் தொட வேண்டும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

B2-உம் ஒரே ஒருமுறைதான் வருகிறது. சூத்திரத்தைக் கீழே இழுத்து நகலெடுக்கும்போது அது B3, B4 என்று தானாக மாறும். பெயர்கள் அப்படியே இருக்கும். தாளிலிருந்து எடுக்கும் கட்டங்களை எல்லாம் முதல் சில வரிகளில் பெயரிட்டு வாங்கிவிட்டு, அதன் கீழே கட்ட முகவரியே வராமல் எழுதுவது என் வழக்கம். சூத்திரம் எதைச் சார்ந்து நிற்கிறது என்பது அப்போது முதல் பார்வையிலேயே தெரியும்.

இதுவரை கண்டவை: LET இணைகளாக எழுதப்படுகிறது, கடைசி உள்ளீடு மட்டும் விடை, பெயர் வைப்பதால் திரும்பத் திரும்ப வருவது ஒரே இடத்துக்கு வருகிறது, ஒரே எண்ணின் இரு பொருள்கள் பிரிகின்றன.

## உள்ளே எட்டிப் பார்ப்பது

நீண்ட சூத்திரம் தவறான விடையைத் தரும்போது எந்தப் படியில் தவறு என்று கண்டுபிடிப்பதே கடினம். LET-இல் அதற்கு மிக எளிய வழி உண்டு. கடைசி உள்ளீட்டை மட்டும் தற்காலிகமாக மாற்றிவிட்டால், நாம் விரும்பும் இடைவிடையைக் கட்டத்திலேயே பார்க்கலாம்.

ஒருவர் basicTax வரியில் MIN-ஐ மறந்துவிட்டு IF(excess<=0, 0, slabTax) என்று எழுதிவிட்டார் என்று கொள்வோம். 12,75,000 சம்பளத்துக்கு 0 என்றும், 12,76,000 சம்பளத்துக்கு ரூ. 62,560 என்றும் விடை வருகிறது. ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வுக்கு அறுபத்திரண்டாயிரம் வரி என்றால் எங்கோ தவறு இருக்கிறது. கடைசி வரியை ROUND(...) என்பதற்குப் பதிலாக excess என்று மாற்றுங்கள், 1,000 என்று காட்டும், அது சரி. slabTax என்று மாற்றுங்கள். 60,150, அதுவும் சரி. basicTax என்று மாற்றினால் 1,000 வர வேண்டிய இடத்தில் 60,150 வருகிறது. மூன்றே சோதனைகளில் பிழையுள்ள வரி கையில் அகப்பட்டுவிட்டது. MIN-ஐச் சேர்த்துவிட்டுக் கடைசி வரியை மீட்டால் விடை ரூ. 1,040.

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்கள் கடைசி வரியில் HSTACK(taxable, slabTax, excess, basicTax, cess) என்று எழுதினால் ஐந்து இடைவிடைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வரிசையாக விரியும். வலப்பக்கத்துக் கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும்.

சோதிப்பதற்கு எந்த எண்களைத் தேர்வது என்பதும் முக்கியம். விதி மாறும் இடங்களின் இரு பக்கமும் ஒவ்வொரு எண்ணை எடுத்தால் போதும். இந்தக் கணக்குக்கு 12,75,000, 12,76,000, 13,00,000, 15,00,000 ஆகிய நான்கு சம்பளங்களும் முறையே 0, 1,040, 26,000, 97,500 என்று தர வேண்டும். முன்பு பார்த்த '50000 என்று விட்டுப்போன' பிழையை 15 லட்சம் காட்டிக்கொடுக்காது, 13 லட்சம் காட்டிக்கொடுக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

## எந்தப் பெயர்கள் செல்லாது

பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது. இவை எளிதில் புரிகின்றன. பலரும் மாட்டிக்கொள்வது வேறொரு விதியில்: பெயர் ஒரு கட்ட முகவரியைப் போல இருக்கக் கூடாது.

tax25 என்று ஒரு பெயர் வைத்துப் பாருங்கள்; எக்செல் ஏற்காது. எக்செல் தாளின் நெடுவரிசைகள் A-இல் தொடங்கி XFD வரை போகின்றன. அந்த வரிசையில் TAX என்ற நெடுவரிசை உண்மையாகவே இருக்கிறது, ஆகவே tax25 என்பது அந்த நெடுவரிசையின் 25ஆம் கட்டம். day1, job2 எல்லாம் இதே காரணத்தால் செல்லாது. slab1 செல்லும், ஏனெனில் நான்கு எழுத்து நெடுவரிசை எக்செலில் கிடையாது. அடிக்கோடு சேர்த்து tax_25 என்று எழுதினாலும் சிக்கல் தீரும். r, c ஆகிய தனி எழுத்துகளையும் எக்செல் வரிசை, நெடுவரிசை ஆகியவற்றைக் குறிக்க வைத்திருப்பதால் பெயராக ஏற்பதில்லை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. SlabTax, slabtax இரண்டும் ஒன்றே. ஆனால் taxabel என்று எழுத்துப்பிழை செய்தால் #NAME? என்ற பிழை வரும். 'இந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது' என்று மென்பொருள் சொல்லும் முறை அது. வரையறுப்பதற்கு முன்பே ஒரு பெயரைப் பயன்படுத்தினாலும் இதே பிழைதான் வரும்.

எக்செலில் பெயர் மேலாளர் என்று வேறொரு வசதி இருக்கிறது. அதில் வைக்கும் பெயர் கோப்பு முழுவதும் செல்லும். LET-இல் வைக்கும் பெயர் அந்தச் சூத்திரத்துக்குள் மட்டும். பெயர் செல்லுபடியாகும் இந்தப் பரப்பைப் பெயரின் எல்லை என்பார்கள். ஒரே பெயர் இரண்டு இடத்திலும் இருந்தால், LET-க்குள் LET வைத்த பொருளே நிற்கும். ஊர் முழுவதற்கும் ஒரு ராஜா இருந்தாலும், நம் வீட்டில் 'ராஜா' என்று கூப்பிட்டால் நம் பிள்ளை திரும்பிப் பார்ப்பது போல.

## ஒருமுறை கணக்கிட்டால் போதும்

பெயர் வைப்பதில் வாசிப்புக்கு அப்பாலும் ஒரு விளைவு உண்டு. பெயருக்கு உரிய மதிப்பு ஒருமுறை கணக்கிடப்பட்டு, அதே மதிப்பு எல்லா இடங்களிலும் பயன்படுகிறது. இதைக் கண்ணால் பார்க்க, 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைத் தரும் RAND சார்பைக் கொண்டு இரண்டு கட்டங்களில் இவற்றை எழுதிப் பாருங்கள்:

```
=RAND()-RAND()
=LET(x, RAND(), x-x)
```

முதல் கட்டத்தில் RAND இரண்டு தனித்தனி எண்களைத் தருவதால், F9 அழுத்தும் ஒவ்வொரு முறையும் வேறொரு விடை வரும். இரண்டாவதில் எப்போதும் 0. x ஒருமுறை ஓர் எண்ணைப் பெற்றதும் அதுவே நிலைக்கிறது. மாறியின் மதிப்பை நடுவில் மாற்றலாம் என்ற எண்ணம் ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம் வரிக் கணக்கில் ஒரு கழித்தலை எட்டு முறை செய்தாலும் கணினிக்கு அது சுமையே இல்லை. அங்கே வேகத்துக்காக LET எழுதினேன் என்று சொல்வது சரியாகாது. பெரிய பட்டியலில் தேடும் வேலை இரண்டு முறை நடக்கும்போதுதான் வேறுபாடு உணரப்படும்:

```
=IF(XLOOKUP(A2,Stock!A:A,Stock!C:C)<10, "வாங்கு",
    XLOOKUP(A2,Stock!A:A,Stock!C:C))

=LET(qty, XLOOKUP(A2,Stock!A:A,Stock!C:C),
  IF(qty<10, "வாங்கு", qty))
```

இருப்பு பத்துக்குக் குறைந்தால் 'வாங்கு' என்றும், இல்லாவிட்டால் இருப்பின் அளவையும் காட்டும் சூத்திரம் இது. முதல் வடிவத்தில், இருப்பு போதுமான அளவு உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தேடல் இரண்டு முறை நடக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளில் நகலெடுத்த தாளில் இரண்டாவது வடிவம் அந்த வேலையைப் பாதியாக்குகிறது.

ஆக, பெயரின் மதிப்பு ஒருமுறைதான் கணக்கிடப்படுகிறது, பிறகு மாறுவதில்லை. வேகத்தில் பயன் உண்டா என்பது அந்தக் கணக்கு எவ்வளவு கனமானது என்பதைப் பொறுத்தது.

## எங்கே LET வேண்டாம்

LET வைக்கும் பெயர்கள் சூத்திரத்துக்குள் இருக்கின்றன, தாளில் தெரிவதில்லை. ஊழியரிடம் அவருடைய வரி எப்படி வந்தது என்று படிப்படியாகக் காட்ட வேண்டிய தாளாக இருந்தால், நிலையான கழிவுக்கு ஒரு நெடுவரிசை, ஸ்லாப் வரிக்கு ஒன்று, செஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக விரித்து எழுதுவதே நல்லது. தணிக்கைக்குப் போகும் தாளுக்கும் அதுவே பொருந்தும். இடைவிடை மற்றவர் கண்ணில் பட வேண்டுமானால் அதற்குக் கட்டம் கொடுங்கள். சூத்திரத்தைப் படிப்பவருக்கு மட்டும் தேவையென்றால் பெயர் கொடுங்கள். நான் பின்பற்றும் அளவுகோல் இதுதான்.

வேறொரு தடை மென்பொருளின் பதிப்பு. LET மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021, அதற்குப் பிந்தையவை ஆகியவற்றில் உண்டு. எக்செல் 2016, 2019 பதிப்புகளில் கிடையாது. கூகுள் ஷீட்ஸுக்கு 2023இலும், லிப்ரெஆஃபிஸ் கால்க்குக்கு 24.8 பதிப்பிலும் வந்து சேர்ந்தது.

பழைய எக்செலில் திறக்கும்போது ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. கோப்பில் சேமிக்கப்பட்டிருந்த கடைசி விடை கட்டத்தில் அப்படியே தெரியும். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே தோன்றும். யாராவது சம்பளத்தை மாற்றி, கட்டம் மறுபடி கணக்கிடப்படும் கணத்தில்தான் #NAME? தோன்றும். சூத்திரப் பட்டையில் =_xlfn.LET(_xlpm.salary என்று, நாம் எழுதாத முன்னொட்டுகள் தெரிந்தால், அந்தக் கணினியின் எக்செலுக்கு LET தெரியாது என்று பொருள். அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, புதிய பதிப்பு உள்ள கணினியில் இடைவிடைகளைத் தனி நெடுவரிசைகளாக விரித்து அனுப்புவதே அதற்குத் தீர்வு. மேலே எழுதிய சூத்திரத்தில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. Salary ஏற்கெனவே B நெடுவரிசையில் இருப்பதால் மற்ற ஏழுக்கும் C முதல் I வரை ஒவ்வொரு நெடுவரிசையும், இறுதி விடைக்கு J-உம் ஒதுக்கினால், ஒவ்வொரு பெயரையும் அதே வரிசையில் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.